யாருடைய போர் அது? தாடிச் வழக்கும் போரின் வகையும்

1992 மே 24 அன்று வடமேற்கு போஸ்னியாவில் பிரியேதோர் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் கோசரச் என்ற ஊரின் மேல் பீரங்கிக் குண்டுகள் விழத் தொடங்கின. ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அடித்தவர்கள் போஸ்னிய செர்பியப் படையினர். இரண்டு நாளில் ஊர் பணிந்துவிட்டது. பிழைத்தவர்களைக் கூட்டம் கூட்டமாக ஒமார்ஸ்கா, கெராத்தெர்ம், த்ர்னோபோலியே ஆகிய முகாம்களுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்த முகாம்களில் நடந்த அடி உதைகளில் துஷ்கோ தாடிச் என்பவர் பெயரும் அடிபட்டது. அவர் வெளியூர்க்காரர் இல்லை. கோசரச்சில் காபிக்கடை வைத்திருந்தவர், கராத்தே சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் அடிபட்டவர்களில் சிலருக்கு அவரை முன்பே நன்றாகத் தெரியும்.

1994 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் அவர் கைதானார். அடுத்த ஆண்டு, முன்னாள் யுகோஸ்லாவியாவில் நடந்த குற்றங்களை விசாரிக்க ஐ.நா. பாதுகாப்பு அவை ஹேக் நகரில் அமைத்திருந்த தீர்ப்பாயத்தின் முன் நிறுத்தப்பட்டார். அங்கே முழு விசாரணையைச் சந்தித்த முதல் ஆள் அவர்தான்.

யார் யாரை அடித்தார்கள், எங்கே, எப்போது என்பதையெல்லாம் சாட்சிகள் சொன்னார்கள். ஆனால் வழக்கின் பெரும்பகுதியை இழுத்துப் பிடித்தது வேறு ஒரு கேள்வி. கோசரச்சில் நடந்தது இரண்டு நாடுகளுக்கு இடையிலான போரா, இல்லை ஒரே நாட்டுக்குள் நடந்த போரா? பதிலைப் பொறுத்து, சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒரு பகுதி நிற்கும் அல்லது மொத்தமாக விழும். அடிபட்டவரின் உடம்பில் இருந்த காயம் என்னவோ ஒன்றுதான்.

இப்படி ஒரு நிலை ஏன் வந்தது என்று பார்க்க 1949-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் கையெழுத்தான நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளில் மொத்தம் 429 பிரிவுகள் இருக்கின்றன. காயம்பட்ட வீரர், கடலில் கப்பல் உடைந்து தவிப்பவர், போர்க்கைதி, எதிரியின் கையில் சிக்கிய பொதுமக்கள் என்று ஒவ்வொருவருக்கும் விரிவான பாதுகாப்பு. இவை ஏறத்தாழ முழுவதும் நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் போருக்கானவை. ஒரு நாட்டுக்குள் அரசுக்கும் கிளர்ச்சிப் படைக்கும், அல்லது இரண்டு கிளர்ச்சிப் படைகளுக்கும் நடக்கும் போருக்கு என்று எழுதப்பட்டது ஒரே ஒரு பிரிவு. நான்கு உடன்படிக்கைகளிலும் மூன்றாவது பிரிவாக ஒரே வாசகத்தில் வருவதால் அதைப் பொதுப் பிரிவு 3 என்பார்கள். சண்டையில் ஈடுபடாதவரையும், ஆயுதத்தைக் கீழே போட்டவரையும் கொல்லாதே, சித்திரவதை செய்யாதே, பணயம் வைக்காதே, ஒழுங்கான நீதிமன்றம் இல்லாமல் தண்டிக்காதே, காயம்பட்டவரைக் கவனி. சாரம் அவ்வளவுதான்.

இந்தக் கஞ்சத்தனம் தற்செயலாக வந்ததில்லை. நாட்டுக்கு நாடு நடக்கும் போரில் பிடிபட்ட எதிரி வீரனை, அவன் சுட்டான் என்பதற்காக மட்டும் கொலைக் குற்றவாளியாக்க முடியாது. அவன் போர்க்கைதி. சண்டை ஓய்ந்ததும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். போர்க்குற்றம் செய்திருந்தால்தான் வழக்கு. இதே சலுகையைத் தன் நாட்டுக் கிளர்ச்சிக்காரனுக்குக் கொடுக்க எந்த அரசு சம்மதிக்கும்? ராணுவ முகாமைத் தாக்கிய கிளர்ச்சிக்காரன் போர்விதி ஒன்றைக்கூட மீறாமல் சண்டை போட்டிருந்தாலும், உள்நாட்டுப் போரில் அவனைத் தேசத்துரோகம், கொலை என்று சொந்த நாட்டுச் சட்டப்படி விசாரிக்கலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுக்க 1949-இல் ஜெனீவாவில் கூடிய அரசுகள் தயாராக இல்லை. பொதுப் பிரிவு 3-இன் கடைசி வரியே இதற்குச் சாட்சி. இந்தப் பிரிவைப் பின்பற்றுவதால் மோதும் தரப்புகளின் சட்ட அந்தஸ்து எதுவும் மாறாது என்று அது முத்திரை குத்தி வைத்திருக்கிறது. அப்படியும் அரசுகள் ஒதுங்கத்தான் பார்த்தன. அல்ஜீரியாவில் 1954 முதல் 1962 வரை நடந்ததைப் 'போர்' என்று பிரான்ஸ் தன் சட்டத்தில் எழுதியது 1999-இல்தான்.

1977-இல் வந்த இரண்டாம் கூடுதல் நெறிமுறை உள்நாட்டுப் போருக்குச் சில விதிகளைச் சேர்த்தது. ஆனால் கிளர்ச்சிப் படை நிலப்பரப்பைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பது போன்ற கடும் நிபந்தனைகளோடுதான். இந்தியாவும் இலங்கையும் அதில் இன்றுவரை சேரவில்லை.

சரி, ஒரு போர் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு நாடுகளின் படைகள் மோதினால் அது சர்வதேச ஆயுத மோதல். எல்லையில் ஒரு சிறு கைகலப்பு போதும், போர்ப் பிரகடனம் தேவையில்லை, ஒரு தரப்பு 'இது போர் இல்லை' என்று மறுத்தாலும் பரவாயில்லை. உள்நாட்டு மோதலுக்கு வாசல் இன்னும் உயரம். கலவரமும் கல்லெறியும் கணக்கில் வராது. சண்டை ஓரளவு தீவிரமாகவும் நீடித்தும் இருக்க வேண்டும், எதிர்த் தரப்புக்கு ஒரு தலைமையும் கட்டளை வரிசையும் இருக்க வேண்டும். இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னதே தாடிச் வழக்கில், விசாரணை தொடங்கும் முன்பே, தீர்ப்பாயத்தின் அதிகாரம் பற்றி 1995 அக்டோபர் 2 அன்று வந்த மேல்முறையீட்டு முடிவுதான். இன்றைக்கும் நீதிமன்றங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

வெளிநாட்டுப் படை இருப்பதாலேயே போர் சர்வதேசப் போர் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. யாரை எதிர்த்து அந்தப் படை நிற்கிறது என்பதுதான் கேள்வி. நமக்குப் பழக்கமான உதாரணமே இருக்கிறது. 1987 ஜூலை ஒப்பந்தத்தின்படி இலங்கை அரசின் சம்மதத்தோடு போன இந்திய அமைதி காக்கும் படை அக்டோபர் முதல் விடுதலைப் புலிகளோடு சண்டையிட்டது. ஒரு நாட்டு ராணுவம் இன்னொரு நாட்டு மண்ணில் போரிட்டாலும், மோதியவை இரண்டு அரசுகள் இல்லை. ஆகவே இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோலின்படி அது சர்வதேசம் சாராத மோதல். 1989-இல் பிரேமதாச அரசு 'வெளியேறுங்கள்' என்று சொன்னபோதுதான் விஷயம் சிக்கலாகியிருக்கக்கூடும். சம்மதம் போன பிறகும் தங்கும் படை வேறு கணக்கில் வரும். அந்த ஆண்டு செப்டம்பரில் இரண்டு அரசுகளும் வெளியேறும் கால அட்டவணைக்கு ஒத்துக்கொண்டதால் அந்தக் கேள்வி பெரிதாகவில்லை.

போஸ்னியாவில் நடந்தது இதற்குத் தலைகீழ். அங்கே ஒரு வெளிநாட்டுப் படை வெளியேறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டே தங்கிவிட்டதா என்பதுதான் சந்தேகம்.

1992 மார்ச்சில் போஸ்னியா தனி நாடாகத் தன்னை அறிவித்தது. ஏப்ரலில் ஐரோப்பிய சமூகமும் அமெரிக்காவும் அங்கீகரித்தன. அதே மாதம் செர்பியாவும் மொன்டெனீக்ரோவும் சேர்ந்து புதிய யுகோஸ்லாவியா ஆயின. பழைய யுகோஸ்லாவிய மக்கள் ராணுவம் போஸ்னிய மண்ணில்தான் இருந்தது. அது இப்போது அயல்நாட்டுப் படை. மே 15 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை, அந்தப் படை வெளியேற வேண்டும் அல்லது போஸ்னிய அரசின் கீழ் வர வேண்டும் அல்லது ஆயுதத்தை ஒப்படைத்துக் கலைய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மே 19 அன்று, வெளியேறிவிட்டோம் என்று புதிய யுகோஸ்லாவியாவின் தலைநகரான பெல்கிரேட் அறிவித்தது.

வெளியேறியது யார், தங்கியது யார்? போஸ்னியாவில் பிறந்த செர்பிய அதிகாரிகளும் வீரர்களும் தங்கினார்கள். அவர்களோடு டாங்கிகளும் பீரங்கிகளும் தங்கின. அதற்கு ஒரு வாரம் முன்புதான் போஸ்னிய செர்பியர்கள் ராத்கோ ம்லாதிச் தலைமையில் தனி ராணுவம் அமைப்பதாக முடிவெடுத்திருந்தார்கள். பன்யா லூக்கா நகரை மையமாகக் கொண்ட பழைய ராணுவத்தின் ஐந்தாம் படையணி, புதிய ராணுவத்தின் முதலாம் கிராயினா படையணி ஆனது. தளபதி அதே ஆள், தலைமையகம் அதே இடம். அதிகாரிகளுக்குச் சம்பளம் தொடர்ந்து பெல்கிரேடிலிருந்து வந்தது. கோசரச்சைத் தாக்கியது இந்தப் படையணியின் ஆட்கள்தான். மே 19-க்கும் மே 24-க்கும் நடுவே இருப்பது ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் ஒரு சர்வதேசப் போர் உள்நாட்டுப் போராக மாறிவிட்டதா?

இதற்கு நடுவே மே 22 அன்று இன்னொன்றும் நடந்தது. போஸ்னியாவின் மோதும் தரப்புகள் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் உட்கார்ந்து, மனிதாபிமான விதிகளை மதிப்பதாக ஒப்பந்தம் போட்டன. அந்த ஒப்பந்தம் பொதுப் பிரிவு 3-ஐ அடித்தளமாகக் கொண்டது. அதாவது இது உள்நாட்டு மோதல் என்ற பாவனையில் எழுதப்பட்டது. சண்டையை எந்தப் பெயரில் அழைத்தாலும் முதலில் கைதிகள் பிழைக்கட்டும் என்று செஞ்சிலுவைச் சங்கம் நினைத்திருந்தால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காகிதமே பின்னால் நீதிமன்றத்தில், இந்தப் போருக்கு உள்நாட்டு முகமும் உண்டு என்பதற்குச் சான்றாக வந்து நின்றது.

இப்போது வழக்குக்கு வருவோம். தீர்ப்பாயத்தின் சட்டத்தில் இரண்டாம் பிரிவு, ஜெனீவா உடன்படிக்கைகளின் 'கடும் மீறல்கள்' என்ற குற்ற வகையைச் சொல்கிறது. வேண்டுமென்றே கொல்வது, சித்திரவதை, கொடுங்காயம் விளைவிப்பது எல்லாம் அதில் அடங்கும். இவற்றைச் செய்தவர் எந்த நாட்டில் சிக்கினாலும் அந்த நாடு அவரை விசாரிக்க வேண்டும், இல்லையென்றால் விசாரிக்கும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும். அவ்வளவு கனமான வகை. ஆனால் இது சர்வதேச மோதலில் மட்டுமே செல்லும். அதோடு பாதிக்கப்பட்டவர் 'பாதுகாக்கப்பட்ட நபராக' இருக்க வேண்டும். நான்காம் உடன்படிக்கையின் நான்காம் பிரிவுப்படி, தான் குடிமகனாக இல்லாத ஒரு நாட்டின் கையில் சிக்கியவர்தான் அப்படிப்பட்டவர்.

தாடிச் போஸ்னியர். அவரிடம் அடிபட்டவர்களும் போஸ்னியர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கு இதைவிட வசதியான நிலை வாய்க்குமா?

1997 மே 7 அன்று விசாரணை அமர்வு தீர்ப்புச் சொன்னது. மூன்று நீதிபதிகளில் இருவர், மே 19-க்குப் பிறகு போஸ்னிய செர்பிய ராணுவம் பெல்கிரேடின் கைப்பாவை என்று நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல், நிகரகுவா வழக்கில் 1986-இல், நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைப் பார்க்கும் சர்வதேச நீதிமன்றம் வகுத்தது. அந்த வழக்கில், நிகரகுவா அரசை எதிர்த்த கான்ட்ரா கிளர்ச்சிப் படைக்கு அமெரிக்கா பணம், ஆயுதம், பயிற்சி எல்லாம் கொடுத்தது தெளிவாக நிரூபணமானது. இருந்தும், குறிப்பிட்ட நடவடிக்கைகளை அமெரிக்காவே கட்டளையிட்டு நடத்தியது என்று காட்டாதவரை கான்ட்ராக்களின் குற்றங்களை அமெரிக்காவின் தலையில் ஏற்ற முடியாது என்று அந்த நீதிமன்றம் சொல்லியிருந்தது. இதற்குச் செயலளவிலான கட்டுப்பாடு என்று பெயர். அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் பெல்கிரேடும் போஸ்னிய செர்பியர்களும் கூட்டாளிகள் மாதிரிதான் தெரிந்தார்கள். ஒரே குறிக்கோள் உள்ள கூட்டாளிகளுக்குத் தனித்தனியாகக் கட்டளை போட வேண்டிய தேவையே வராதே என்று கேட்டால், அந்த அளவுகோலில் அதற்கு இடமில்லை.

முடிவு, 31 குற்றச்சாட்டுகளில் கடும் மீறல் என்ற தலைப்பில் இருந்த பதினொன்று ஒரே வீச்சில் விழுந்தன. தலைமை நீதிபதி கேப்ரியல் கிர்க் மெக்டொனால்ட் இதை ஏற்காமல் தனித் தீர்ப்பு எழுதினார். தாடிச் விடுதலையாகிவிடவில்லை. மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், போரின் சட்டங்களையும் வழக்கங்களையும் மீறியது ஆகிய மற்ற தலைப்புகளில் குற்றவாளி என்று முடிவாகி, அந்த ஜூலையில் இருபது ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

இரண்டாண்டு கழித்து, 1999 ஜூலை 15 அன்று, மேல்முறையீட்டு அமர்வு இதைப் புரட்டிப் போட்டது. அதன் வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரு தனி ஆளோ ஒழுங்கில்லாத ஒரு கும்பலோ அரசுக்காகச் செயல்பட்டது என்று சொல்ல வேண்டுமானால் குறிப்பிட்ட உத்தரவைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அடுக்கடுக்கான தலைமையும் சீருடையும் உள்ள ஒரு ராணுவம் வேறு மாதிரி. அதன் திட்டமிடலிலும் ஒருங்கிணைப்பிலும் வெளி அரசுக்குப் பங்கு இருந்து, அதற்கு மேல் பணமும் ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தால் போதும். ஒவ்வொரு தாக்குதலுக்கும் தனி உத்தரவைத் தேட வேண்டாம். இதுதான் 'ஒட்டுமொத்தக் கட்டுப்பாடு' என்ற அளவுகோல்.

அப்புறம் நீதிபதிகள் சான்றுகளை அடுக்கினார்கள். அதே அதிகாரிகள், அதே படையணி அமைப்பு, பெல்கிரேடிலிருந்து வந்த சம்பளம். கடைசியாக 1995-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் நடந்த சமாதானப் பேச்சில் போஸ்னிய செர்பியர்களுக்காகப் பேசியது மிலோஷெவிச் என்ற செர்பிய அதிபர். ஒரு படையின் சார்பில் சமாதானத்துக்கு வாக்குக் கொடுக்க முடிந்தவருக்கு அந்தப் படையின் மேல் பிடி இல்லை என்று நம்புவது கஷ்டம். ஆகவே மே 19-க்குப் பிறகும் போர் சர்வதேசப் போராகவே தொடர்ந்தது.

குடியுரிமைச் சிக்கல் இன்னும் பாக்கி இருந்தது. இரண்டு பக்கமும் போஸ்னியர்கள் ஆயிற்றே? இன அடிப்படையில் நாடு உடையும் போரில் கடவுச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில் பொருளில்லை, எந்தத் தரப்புக்கு விசுவாசம் என்று பார்க்க வேண்டும் என்றது அமர்வு. தாடிச்சும் அவர் தரப்பும் பெல்கிரேடுக்காகச் செயல்பட்டவர்கள். கோசரச் முஸ்லிம்களுக்கு அந்த அரசோடு எந்த விசுவாசமும் இல்லை, அதன் பாதுகாப்பும் இல்லை. ஆகவே அவர்கள் பாதுகாக்கப்பட்டவர்கள். விழுந்த கடும் மீறல் குற்றச்சாட்டுகளில் ஆறு மறுபடி நின்றன. யஸ்கிச்சி கிராமத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டதற்கும் அவர் பொறுப்பாக்கப்பட்டார். ஆனால் அது வேறொரு சட்டக் கொள்கையின்படி.

நவம்பரில் தண்டனை 25 ஆண்டானது. அடுத்த ஜனவரியில் மேல்முறையீட்டில் மறுபடி இருபதாகக் குறைந்தது. அதாவது போர் உள்நாட்டுப் போர் என்று முடிவான போதும் இருபது, சர்வதேசப் போர் என்று முடிவான பிறகும் இருபது. இவ்வளவு வாதமும் வீணா என்று கேட்கத் தோன்றும்.

இந்த வழக்கில் ஆண்டுக் கணக்கு மாறாமல் போனதற்குக் காரணம், அதே தாடிச் வழக்கில் வந்த 1995 முடிவு. அதற்கு முந்தைய பொதுவான கருத்து, உள்நாட்டுப் போரில் பொதுப் பிரிவு 3-ஐ மீறுவது தவறுதான், ஆனால் அதற்காக ஒரு தனி மனிதனைச் சர்வதேச மேடையில் குற்றவாளியாக நிறுத்த முடியாது என்பது. முந்தைய ஆண்டு ருவாண்டாவுக்காக அமைத்த தீர்ப்பாயத்தின் சட்டம்தான் இதை முதலில் உடைத்தது. தாடிச்சின் வழக்கறிஞர்கள், இது உள்நாட்டுப் போர், உங்களுக்கு விசாரிக்கவே அதிகாரம் இல்லை என்று வாதிட்டார்கள். அன்டோனியோ கசேசே தலைமையிலான அமர்வு, நாடுகளின் நடைமுறையில் உருவான வழக்கச் சட்டம் வெகுதூரம் நகர்ந்துவிட்டது, பொதுமக்களைத் தாக்குவதும் கைதியைக் கொல்வதும் எந்த வகைப் போரிலும் செய்தவரையே குற்றவாளியாக்கும் என்று சொல்லிவிட்டது. இந்த வாசல் திறக்காமல் இருந்திருந்தால், 1997-இல் பதினொன்று விழுந்தபோது தாடிச்சின் மேல் போர்க்குற்றம் என்று எதுவுமே மிஞ்சியிருக்காது.

அப்படியானால் இன்றைக்கு வகை பிரிப்பதற்கு வேலை இல்லையா? நிறைய இருக்கிறது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டத்தில் எட்டாம் பிரிவு போர்க்குற்றங்களைப் பட்டியலிடுகிறது. சர்வதேச மோதலுக்கு ஒரு நீண்ட பட்டியல், உள்நாட்டு மோதலுக்கு ஒரு சிறிய பட்டியல். ஒரு ராணுவ இலக்கைத் தாக்கும்போது, கிடைக்கும் பலனுக்குப் பொருந்தாத அளவில் பொதுமக்கள் சாவார்கள் என்று தெரிந்தே தாக்குவது முதல் பட்டியலில் போர்க்குற்றம். இரண்டாவது பட்டியலில் அது இல்லை. வழக்கச் சட்டப்படி உள்நாட்டுப் போரிலும் அது தடைதான், ஆனால் அந்தத் தலைப்பில் இந்த நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. மக்களைப் பட்டினி போட்டுப் பணிய வைப்பதும் நெடுநாள் முதல் பட்டியலில் மட்டுமே இருந்தது. 2019 டிசம்பரில்தான் உறுப்பு நாடுகள் கூடி அதை இரண்டாவதிலும் சேர்த்தன. அந்தத் திருத்தமும் தனியாக ஏற்றுக்கொண்ட நாடுகளுக்குத்தான் செல்லும்.

ஒட்டுமொத்தக் கட்டுப்பாடு என்ற அளவுகோலைச் சர்வதேச நீதிமன்றம் முழுதாக ஏற்கவில்லை. போஸ்னியா செர்பியாவுக்கு எதிராகத் தொடுத்த இனப்படுகொலை வழக்கில் 2007-இல் அது சொன்னது இது. ஒரு போர் சர்வதேசப் போரா என்று பார்க்க இந்த அளவுகோல் பொருந்தலாம். ஆனால் ஒரு படை செய்த குற்றத்துக்கு அரசையே பொறுப்பாக்க இது போதாது, அதற்குப் பழைய கடினமான அளவுகோல்தான். ஆக, போரின் வகையை முடிவுசெய்ய ஒரு அளவுகோல், அரசின் பொறுப்பை முடிவுசெய்ய இன்னொன்று. தர்க்கத்தில் இது இடிக்கிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நடைமுறையில் இதுதான் இன்றைய நிலை.

அந்த நிலை எவ்வளவு வித்தியாசமான விளைவைத் தரும் என்பதற்கு எம்.எச்.17 வழக்கைவிட நல்ல உதாரணம் இல்லை. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனின் மேல் பறந்த மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். வீழ்த்திய ஏவுகணை, 'தோனெத்ஸ்க் மக்கள் குடியரசு' என்று தங்களை அழைத்துக்கொண்ட ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகளின் பிடியில் இருந்த நிலத்திலிருந்து கிளம்பியது. பிரிவினைவாதத் தளபதி இகோர் கிர்கின் உள்ளிட்ட நால்வர் மேல் நெதர்லாந்து தன் சொந்த தண்டனைச் சட்டப்படி கொலை வழக்குப் போட்டது.

ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்புச் சொல்லும்போது, தாடிச் வழக்கின் அளவுகோலைக் கையில் எடுத்தது. பணம், ஆயுதம், ஆட்கள், ஒருங்கிணைப்பு என்று சான்றுகளைப் பார்த்துவிட்டு, 2014 மே நடுவிலிருந்தே தோனெத்ஸ்க் குடியரசின் மேல் ரஷ்யாவுக்கு ஒட்டுமொத்தக் கட்டுப்பாடு இருந்தது, எனவே அது உக்ரைனுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான சர்வதேச மோதல் என்று முடிவுசெய்தது.

இந்த முடிவு குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குக் கைகொடுத்திருக்க வேண்டும். சர்வதேச மோதலில் ஒரு நாட்டின் படைவீரனுக்குச் சண்டையிட்டதற்காகவே விசாரிக்கப்படாமல் இருக்கும் உரிமை உண்டு என்று மேலே பார்த்தோம். எதிரி விமானம் என்று நினைத்து ஏவுகணை விட்டோம் என்று அவர்கள் சார்பில் வாதிட முடிந்திருக்கும். நீதிமன்றமும் அந்தக் கேள்வியைத் தவிர்க்காமல் எடுத்துப் பார்த்தது. அந்த உரிமை, ஒரு நாட்டின் படையைச் சேர்ந்தவருக்குத்தான், அந்த நாடும் அவர்களைத் தன் ஆட்கள் என்று பொறுப்பேற்க வேண்டும். ரஷ்யாவோ தனக்கும் அந்தப் போருக்கும் சம்பந்தமே இல்லை என்று தொடர்ந்து மறுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களும் ரஷ்யப் படையினர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆகவே போர் சர்வதேசப் போர்தான், ஆனால் இவர்கள் சாதாரண மனிதர்கள், சாதாரணக் கொலைச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தும் என்றது நீதிமன்றம். கிர்கினுக்கும் மற்ற இருவருக்கும், அவர்கள் வராமலேயே, ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நான்காமவர் விடுதலையானார். மாஸ்கோ 'அவர்கள் எங்கள் வீரர்கள்' என்று ஒப்புக்கொண்டிருந்தால், அந்த மூவருக்கும் குறைந்தபட்சம் ஒரு வாதமாவது மிஞ்சியிருக்கும்.